நடைவழியிலிருந்து வாசிக்க வேண்டிய பின்சுவர்: 3 மீட்டர் அரங்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அழுத்தக்காற்றுக் குழாய்களில் சேரும் ஈரத்தைப் பிரித்து வெளியேற்றும் கருவிகளைச் செய்யும் சிறு நிறுவனம் ஒன்று, தொழிற்கருவிக் கண்காட்சி ஒன்றில் முதல் முறையாக அரங்கு எடுத்தது. கம்ப்ரசர் காற்றை அழுத்தும்போது அதிலுள்ள நீராவியும் சேர்ந்தே அழுத்தப்படுகிறது. பிறகு குழாயில் காற்று குளிரும்போது அந்த ஆவி தண்ணீராகப் படிந்து, கருவிகளைத் துருப்பிடிக்க வைக்கிறது, பெயின்ட் தெளிக்கும் இடத்தில் புள்ளி விழ வைக்கிறது. இந்தச் சிக்கல் உள்ளவருக்கு விளக்கமே தேவையில்லை. இல்லாதவருக்கு எவ்வளவு விளக்கினாலும் பயனில்லை. ஆகவே அரங்கின் வேலை, கடந்து செல்பவர்களில் முதல் வகையினரை மட்டும் நிறுத்துவதே. இதை இப்போது இவ்வளவு தெளிவாக எழுத முடிகிறது. முதல் வடிவமைப்பைச் செய்தபோது எங்களுக்கு இது தெளிவாக இல்லை. பின்சுவரையும் கவுண்டரையும் வடிவமைத்து அச்சிட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள்தான் என்பதால், கீழே சொல்லப்படும் பிழைகளும் எங்களுடையவையே.

அரங்கு 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். மூன்று பக்கமும் சுவர், நடைவழியை நோக்கி ஒரு பக்கம் மட்டும் திறப்பு. சுவர்கள் அலுமினியத் தூண்களுக்கு இடையே வெள்ளைப் பலகைகள் செருகப்பட்டவை. தூணுக்குத் தூண் 1 மீட்டர், அவற்றுக்கு இடையே கண்ணுக்குத் தெரியும் பலகையின் அகலம் 95 சென்டிமீட்டர், சுவரின் உயரம் 2.5 மீட்டர். திறப்பின் மேலே 30 சென்டிமீட்டர் உயர முகப்புப் பட்டையில் நிறுவனத்தின் பெயரை அமைப்பாளர்களே ஒட்டித் தந்தார்கள். முன்னால் இருந்த நடைவழி 3 மீட்டர் அகலமானது.

முதல் வடிவமைப்பு

முதல் பின்சுவரின் நடுவில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், 1.2 மீட்டர் அகலத்துக்கு நிறுவனத்தின் சின்னம் இருந்தது. அதற்கு மேலே, ஏறத்தாழ 2.1 மீட்டர் உயரத்தில், “தரமான காற்று, தடையற்ற உற்பத்தி” என்ற வாசகம் 5 சென்டிமீட்டர் எழுத்தில் வந்தது. சின்னத்தின் இருபுறமும் எட்டுக் கருவிகளின் படங்கள், அவற்றுக்குக் கீழே தன்மைகளின் பட்டியல், தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இணைய முகவரி. கவுண்டர் திறப்பின் நடுவில், நடைவழியின் ஓரத்திலேயே வைக்கப்பட்டு, அதன் முகத்திலும் அதே சின்னம் அச்சிடப்பட்டிருந்தது. முகப்புப் பட்டையையும் சேர்த்தால் நிறுவனத்தின் பெயர் மூன்று இடங்களில் இருந்தது. நிறுவனம் என்ன செய்கிறது என்பது, படங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டாலொழிய, எங்கும் இல்லை.

இந்த வடிவமைப்புக்கு ஒப்புதல் கணினித் திரையில் பெறப்பட்டது. இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். 60 சென்டிமீட்டர் அகலத் திரையில் 3 மீட்டர் சுவரை முழுதாக விரித்து, 60 சென்டிமீட்டர் தள்ளி அமர்ந்து பார்த்தால், அது சுவருக்கு 3 மீட்டர் தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். அதாவது அரங்கின் வாசலிலேயே நின்று பார்ப்பது. வாசகத்தைப் படிப்பதற்காக அதையும் பெரிதாக்கிப் பார்த்தோம். அப்போது ஒரு மீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டோம். நடைவழியில் செல்பவர் ஒருபோதும் நிற்காத இடத்தில் நின்றுகொண்டு, எழுத்து நன்றாகத் தெரிகிறது என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னோம்.

முதல் நாள் கண்டவை

மூன்று நாள் கண்காட்சியின் முதல் நாள் மதியம் விற்பனைப் பொறுப்பாளர் எங்களை அழைத்தார். கூட்டம் இருக்கிறது, ஆனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றார். நாங்கள் சென்று எதிர்வரிசையின் ஓரத்தில் நின்று ஒரு மணி நேரம் கவனித்தோம்.

முதலில் கண்ணில் பட்டது பளபளப்பு. முகப்புப் பட்டையின் உட்புறம், ஏறத்தாழ 2.4 மீட்டர் உயரத்தில், இரண்டு விளக்குகள் பின்சுவரை நோக்கித் திருப்பப்பட்டிருந்தன. அச்சின் மேல் கிளாஸி லேமினேஷன். விளக்கிலிருந்து சுவருக்கு 3 மீட்டர், நடைவழியின் நடுவில் செல்பவரின் கண்ணிலிருந்து சுவருக்கு 4.5 மீட்டர், கண்ணின் உயரம் சராசரியாக 1.55 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கண்ணாடியில் தெறிப்பதைப் போல ஒளி சுவரில் தெறிக்கும் இடம் தரையிலிருந்து ஏறத்தாழ 2.05 மீட்டர். எதிர்வரிசை ஓரத்தில் நின்றால் அது 2.1 மீட்டருக்கு ஏறும். வாசகம் அதே உயரத்தில்தான் இருந்தது. தெறிப்பை விழ வைப்பதற்கென்றே இடம் தேடியிருந்தாலும் இவ்வளவு துல்லியமாக அமைத்திருக்க முடியாது.

அடுத்தது மனிதர்கள். அரங்கில் இருவர் பணியில் இருந்தார்கள்; அவர்கள் பின்சுவருக்கு முன்னால் நின்றபோது சின்னத்தின் பெரும்பகுதி அவர்களின் தலைகளுக்குப் பின்னால் போனது. கவுண்டரில் பார்வையாளர் ஒருவர் நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசமானது. நடைவழியின் ஓரத்தில் நிற்கும் 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவருக்குப் பின்னால், எதிர்வரிசை ஓரத்திலிருந்து பார்ப்பவருக்கு சுவர் 1.85 மீட்டர் உயரம் வரை மறைகிறது. நடைவழியின் நடுவில் செல்பவருக்கு 2 மீட்டர் வரை மறைகிறது. ஆகவே, அரங்குக்கு ஒருவர் வந்து நிற்பதே அடுத்தவருக்கு அரங்கு என்னவென்று தெரியாமல் போவதற்குக் காரணமாகிவிட்டது. கவுண்டரின் முகம் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன் முன்னால் ஒருவர் நின்றதும், அவருடைய காலடியில் கைப்பையும் வந்துவிட, அங்கே அச்சு இருந்ததற்கான அடையாளமே இல்லை.

மூன்றாவதாக நாங்கள் செய்தது ஒரு விசாரணை. பக்கத்து அரங்கிலும் எதிர் அரங்கிலும் இருந்த பணியாளர்கள் காலையிலிருந்து இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள். இவர்கள் என்ன விற்கிறார்கள் என்று அவர்களிடம் கேட்டோம். ஒருவர் “பம்பு” என்றார். மற்றொருவர் சற்று யோசித்து, “தண்ணீர் ஃபில்டர்” என்றார். கண்ணாடிக் கிண்ணம் பொருத்திய கருவிகளின் படங்கள் அவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. நாள் முழுதும் பார்த்தவருக்கே இப்படியென்றால், கடந்து போகிறவரைக் குறை சொல்ல முடியாது.

அன்றிரவு எடுத்த முடிவுகள்

முழுச் சுவரையும் மாற்றி அச்சிட நேரமில்லை. அந்தச் செலவையும் உரிமையாளரிடம் கேட்க எங்களுக்கு முகமில்லை. எனவே மூன்று காரியங்களை மட்டும் செய்தோம். பலகைக்கு ஒன்றாக, 95 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மூன்று இலேசான சன்போர்டு நுரைப்பலகைத் துண்டுகளில் பளபளப்பில்லாத மேட் வினைல் ஒட்டி, “ஈரம் பிரிக்கும் கருவிகள்” என்ற மூன்று சொற்களை மட்டும் 10 சென்டிமீட்டர் எழுத்தில் அச்சிட்டு, பழைய வாசகத்தை மறைத்து மேலே ஒட்டினோம். விளக்குகளை முகப்புப் பட்டையிலிருந்து கழற்றி, கை நீண்ட விளக்குகளாக மாற்றிப் பின்சுவரின் உச்சியிலேயே பொருத்தச் சொன்னோம். சுவரிலிருந்து 45 சென்டிமீட்டர் மட்டுமே முன்னால் நீளும் விளக்கின் தெறிப்பு, பார்ப்பவரின் கண்ணுக்கு 2.4 மீட்டருக்கு மேலே போய்விடும், அங்கே எழுத்து எதுவும் இல்லை. கவுண்டரைத் திறப்பின் நடுவிலிருந்து எடுத்து வலது பக்கச்சுவரின் ஓரமாக, 60 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வைத்தோம்.

இரண்டாம் நாளிலிருந்து வந்தவர்களின் எண்ணிக்கை கூடியதா என்பதைவிட, அவர்கள் முதலில் என்ன கேட்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளும்படி விற்பனைப் பொறுப்பாளரிடம் சொல்லியிருந்தோம். இரண்டாம் நாள் எத்தனை பேர் வருவார்கள் என்பது கண்காட்சியைப் பொறுத்தது. அவர்களின் முதல் வாக்கியம் சுவரைப் பொறுத்தது. முதல் நாள் அவர் நினைவிலிருந்து எழுதியவற்றில் பெரும்பாலானவை “நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்ற கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள். இரண்டாம், மூன்றாம் நாள்களில் “எந்தக் கம்ப்ரசருக்குப் பொருந்தும்?”, “எங்கள் குழாயில் கடைசி முனையில்தான் தண்ணீர் வருகிறது” என்பன போன்றவை கணிசமாகக் கலந்திருந்தன. அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அடுத்த கண்காட்சியின் தலைப்பாக மாற்றினோம்.

இரண்டாம் கண்காட்சிக்கான திட்டம்

சில மாதங்களுக்குப் பிறகு வேறொரு கண்காட்சிக்கு அதே அளவு அரங்கு எடுக்கப்பட்டது. இம்முறை வடிவமைப்பை எழுத்துருவிலோ நிறத்திலோ தொடங்காமல், சுவரில் எந்தப் பகுதி யாருக்கு எங்கிருந்து தெரியும் என்பதை ஒரு தாளில் பக்கவாட்டுக் கோடுகளாக வரைந்து தொடங்கினோம். முதல் கண்காட்சியில் அளந்த தலை உயரங்களின்படி, நடைவழியில் செல்பவருக்கு உத்தரவாதமாகத் தெரியும் பகுதி 2 மீட்டருக்கு மேலே உள்ளது மட்டுமே. மேலே 2.35 மீட்டருக்கு அப்பால் விளக்குகளின் வெளிச்சம் திட்டுத் திட்டாக விழும். முகப்புப் பட்டை மறைக்குமோ என்று உரிமையாளர் அஞ்சினார். அதன் கீழ் விளிம்பு 2.2 மீட்டரில் இருந்ததால், சுவரிலிருந்து 9 மீட்டருக்கு மேல் விலகி நிற்பவருக்குத்தான் அது சுவரின் உச்சியை வெட்டும் என்று கோடு காட்டியது. ஆக, 7.5 சதுர மீட்டர் சுவரில் தலைப்பைத் தாங்கக் கூடியது 35 சென்டிமீட்டர் உயரப் பட்டை ஒன்றுதான். இதை ஏற்றுக்கொள்வதுதான் எல்லோருக்கும் கடினமாக இருந்தது. அச்சுக்குப் பணம் கொடுப்பவர் சுவர் முழுவதும் பேச வேண்டும் என்றே எதிர்பார்ப்பார்.

அடுத்து, எழுத்தின் உயரம். விளம்பரப் பலகைத் தொழிலில் ஒரு அங்குல எழுத்துக்குப் பத்து அடி தூரம் என்ற கைக்கணக்கு பழக்கத்தில் உள்ளது. அதாவது தூரத்தை 120-ஆல் வகுத்தால் எழுத்தின் உயரம். ஆனால் அது ஆங்கிலப் பெரிய எழுத்துகளை நின்று பார்ப்பவருக்கானது. தமிழில் ஒரே உயரத்துக்குள் சுழி, கொம்பு, வளைவு என்று அதிகமான கோடுகள் அடங்க வேண்டியிருக்கிறது. ணகரத்தின் சுழிகளை எண்ணித்தான் அதை னகரத்திலிருந்து பிரிக்கிறோம். மேலும் நம்முடைய வாசகர் நடந்துகொண்டிருக்கிறார். ஆகவே 120-க்குப் பதில் 60-ஆல் வகுப்பது என்று வைத்துக்கொண்டோம். நிறுவனம் இம்முறை எதிர்வரிசையில் இடைவெளி உள்ள இடமாகப் பார்த்து அரங்கைத் தேர்ந்தெடுத்திருந்தது; அந்தக் குறுக்கு நடைவழியில் வருபவர் பின்சுவரை 8 மீட்டர் தூரத்திலிருந்தே பார்ப்பார். 8 மீட்டரை 60-ஆல் வகுத்தால் 13 சென்டிமீட்டர். இந்த 13 என்பது ககரத்தின் உடல் உயரம் மட்டுமே. மேலே இகரக் குறிக்கும் புள்ளிக்கும், கீழே உகரத்தின் வாலுக்கும் தனியாக ஐந்து ஐந்து சென்டிமீட்டர் விட வேண்டும். கணினியில் எழுத்துருவின் அளவாகக் காட்டப்படும் எண்ணை நம்பினால் இந்த இடத்தில் ஏமாந்துபோவோம். அந்த எண் மேலும் கீழும் உள்ள வெற்றிடத்தையும் சேர்த்தே சொல்கிறது.

பிறகுதான் சொற்களுக்கு வந்தோம். விற்பனைப் பொறுப்பாளர் எழுதித் தந்தது, “அழுத்தக்காற்றுக் குழாய்களில் ஈரப்பதம் சேர்கிறதா?” என்பது. பொருள் சரி, ஆனால் 3 மீட்டருக்குள் ஒரே வரியாக அதை அடக்கினால் எழுத்து 13 சென்டிமீட்டரில் பாதியளவுக்கு இறங்கிவிடும். இரண்டு வரியாக்கினால் கீழ் வரி தலைகளுக்குப் பின்னால் போகும். எழுத்தின் உயரத்தை முதலில் முடிவு செய்துவிட்டால், சொற்களின் நீளத்தில் பேரம் பேச இடமில்லை என்பது இந்தக் கட்டத்தில் எங்களுக்கு உதவியாகவே இருந்தது. பல முறை குறைத்து, “காற்றுக் குழாயில் தண்ணீரா?” என்று நிறுத்தினோம். இந்தத் தொடருக்கு இன்னொரு வசதியும் இருந்தது: மூன்று சொற்கள், மூன்று பலகைகள். ஒவ்வொரு சொல்லும் ஒரு பலகைக்குள் அடங்கியதால், அலுமினியத் தூண்கள் எந்த எழுத்தையும் வெட்டாமல் சொற்களுக்கு இடையிலான இடைவெளியாகவே அமைந்துவிட்டன. முதல் வடிவமைப்பில் ஒரு தூண் “உற்பத்தி”யை நடுவில் பிளந்துகொண்டு நின்றதை யாரும் மறக்கவில்லை. மூன்றில் உடல் பருத்த சொல் “தண்ணீரா?”, 95 சென்டிமீட்டர் பலகையில் இருபுறமும் விளிம்பு விட்டு அது 13 சென்டிமீட்டர் உயரத்தில் மட்டாகப் பொருந்தியது. இன்னும் பெரிதாக்கியிருக்க முடியாது.

தடித்த எழுத்துரு தூரத்திலிருந்து நன்றாகத் தெரியும் என்று நினைத்து முதலில் மிகத் தடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். சோதனையில் அதன் ணகரச் சுழிகள் உள்ளே அடைபட்டு, 8 மீட்டரில் கறுப்புத் திட்டாகத் தெரிந்தன. ஒரு படி மெலிந்த எழுத்துருவுக்கு இறங்கி, புள்ளியை மட்டும் தனியாகப் பெரிதாக்கினோம். நிறம் பற்றிப் பெரிய விவாதம் இல்லை. வெளிர் பரப்பில் அடர்நீல எழுத்து, அவ்வளவே.

சோதனையை இரண்டு விதமாகச் செய்தோம். சுவரைப் பத்தில் ஒரு பங்காக்கினால் 30 சென்டிமீட்டர் அகலம். ஏ4 தாளைப் படுக்கையாக வைத்தால் கிட்டத்தட்ட அதே அளவு. அதை அச்சிட்டு 80 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் 8 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். இந்த வேலையோடு தொடர்பில்லாத சிலரிடம் மூன்று நொடி மட்டும் காட்டி, தாளைத் திருப்பிவிட்டு, என்ன எழுதியிருந்தது என்று கேட்டோம். பிறகு “தண்ணீரா?” என்ற சொல்லை மட்டும் முழு அளவில் சாதாரணத் தாள்களில் அச்சிட்டு ஒட்டி, அலுவலகக் கட்டடத்தின் நீண்ட தாழ்வாரத்தில் 2 மீட்டர் உயரத்துக்கு மேலே பொருத்தி, இருவரை முன்னால் நிற்க வைத்து 8 மீட்டரிலிருந்து நடந்து வந்து பார்த்தோம். இரண்டு சோதனைகளிலும் சுவர் தேறியது. இவை எதைச் சோதிக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

தலைப்புக்குக் கீழே, 1.9 மீட்டர் உயரத்தில், “ஈரம் பிரிக்கும் கருவிகள்” என்ற வரி 6 சென்டிமீட்டரில் வந்தது. அதை யாராவது மறைத்தாலும் பாதகமில்லை என்று தெரிந்தே வைத்தோம். அதற்குக் கீழே ஒரே ஒரு படம்: கிண்ணத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் கருவியின் குறுக்குவெட்டு, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் தொடங்கி. மற்ற ஏழு கருவிகளும், தன்மைகளின் பட்டியலும், இணைய முகவரியும் கையில் தரும் தாளுக்கு இடம் மாறின. ஒரு மீட்டருக்குக் கீழே சுவர் வெறும் நிறமாக விடப்பட்டது. முழுப் பரப்புக்கும் மேட் லேமினேஷன்.

கவுண்டர்

கவுண்டரை முதல் முறை பின்சுவரின் சிறிய பிரதி போல நடத்தியிருந்தோம். உண்மையில் அதை வாசிப்பவர் வேறு ஆள்: தலைப்பைப் படித்துவிட்டு நடையைத் தளர்த்தி, உள்ளே வரலாமா வேண்டாமா என்று ஒன்றரை முதல் 2 மீட்டர் தூரத்தில் தயங்குபவர். அவரிடம் மறுபடியும் நிறுவனத்தின் பெயரைச் சொல்வதில் பொருளில்லை. பேச்சைத் தொடங்க அவருக்கு ஒரு வாக்கியம் தேவை. எனவே கவுண்டரின் முகத்தில், “உங்கள் குழாயின் அளவைச் சொல்லுங்கள்; பொருந்தும் கருவியைக் காட்டுகிறோம்” என்று 4 சென்டிமீட்டர் எழுத்தில் எழுதினோம். கவுண்டர் ஒரு மீட்டர் உயரம். அதில் மேலுள்ள 35 சென்டிமீட்டருக்குள் எழுத்து முழுவதையும் அடக்கினோம். அதற்குக் கீழே உள்ளதை அருகில் நிற்பவர் குனிந்தால்தான் பார்க்க முடியும், அவருக்குக் குனியும் எண்ணம் இருப்பதில்லை.

கவுண்டரின் அரை மீட்டர் அகலமுள்ள பக்கவாட்டை முதல் முறை வெறுமையாக விட்டிருந்தோம். முகத்தின் முன்னால் ஆள் நிற்கும்போது வெளியே தெரிவது இந்தப் பக்கவாட்டு மட்டுமே. அதுவும் நடைவழியில் இடமிருந்து வருபவருக்கு நேராகவே தெரியும். அங்கே எழுத்து எதுவும் இல்லாமல் பின்சுவரில் உள்ள அதே குறுக்குவெட்டுப் படத்தை வைத்தோம். கவுண்டரின் மேல் உண்மைக் கருவி ஒன்று, கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீரோடு வைக்கப்பட்டது. கவுண்டர் உள்ளே தள்ளியிருந்ததால் பேச வந்தவர் நடைவழியில் நிற்காமல் அரங்குக்குள் நின்றார். அதனால் அவர் தலை பின்சுவரை மறைக்கும் உயரமும் குறைந்தது. உள்ளே ஒரு மீட்டர் வந்து நிற்பவர், நடைவழியின் நடுவில் செல்பவருக்கு 1.82 மீட்டர் வரைதான் மறைக்கிறார்.

நடந்தது

பொருத்தும் வேலை எதிர்பார்த்தபடியே முடிந்தது. முதல் நாள் காலை மட்டும், அரங்குப் பணியாளர் ஒருவர் நல்லெண்ணத்தோடு தொலைக்காட்சித் தாங்கி ஒன்றை “தண்ணீரா?” என்ற சொல்லின் முன்னால் நிறுத்தியிருந்தார், அதை அகற்றச் சொல்லி விளக்க வேண்டியிருந்தது. வரைபடத்தில் எங்கெங்கே எதுவும் வைக்கக் கூடாது என்பதையும் நாங்கள் குறித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

குறுக்கு நடைவழியிலிருந்து வந்தவர்கள் 8 மீட்டரிலேயே தலைப்பைப் படிப்பது, அவர்களின் தலை உயர்ந்து உதடு அசைவதிலிருந்தே தெரிந்தது. பேச வந்தவர்களின் முதல் வாக்கியங்களில் “நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்பது அரிதாகிவிட்டது. பலர் குழாயின் அளவைச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்கள். கவுண்டர் தன் வேலையைச் செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வந்தவர்களின் எண்ணிக்கையும் கூடியிருந்தது. ஆனால் இடமும் கண்காட்சியும் மாறியிருந்ததால், அந்தக் கூடுதலைச் சுவரின் கணக்கில் எழுத நாங்கள் தயாராக இல்லை.

ஆனால் முதல் வாக்கியங்களைக் குறித்த ஏட்டில் எதிர்பாராத ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவது பற்றியும், தண்ணீர்க் குழாய்க் கசிவு பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். காற்று என்ற சொல்லை அவர்கள் பார்க்கவே இல்லை என்று தோன்றியது. இரண்டாம் நாள் மதியம், அவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று கவனித்தோம். பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்து.

காரணம் தாளில் கோடு போட்டதும் தெரிந்தது. நடைவழியின் நடுவில், திறப்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இடமிருந்து வலமாக நடப்பவருக்கு, இடது பக்கச்சுவரின் முன்விளிம்பு பின்சுவரை மறைக்கிறது. அவர் அந்த விளிம்புக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் இருக்கும்போது பின்சுவர் முழுவதும் மறைவு. ஒரு மீட்டர் முன்னால் வரும்போது வலது ஓரப் பலகை தெரிகிறது: “தண்ணீரா?”. அரை மீட்டர் முன்னால் வரும்போது அடுத்த பலகையும் தெரிகிறது: “குழாயில் தண்ணீரா?”. “காற்றுக்” என்ற சொல் முழுதாகத் தெரிவது அவர் திறப்புக்கு நேராக வந்த பிறகே. அதற்குள் தொடர் அவர் மனதில் முடிந்துவிட்டது, பொருளும் கிடைத்துவிட்டது, அந்தப் பொருள் தவறு. பின்சுவரை நாம் இடமிருந்து வலமாக எழுதுகிறோம்; இடப்பக்கமிருந்து வருபவருக்கு அது வலமிருந்து இடமாகத் திறக்கிறது. ஏ4 தாளுக்கும் தாழ்வாரத்துக்கும் பக்கச்சுவர் இல்லை. அதனால் எங்கள் இரண்டு சோதனைகளிலும் இது பிடிபடவில்லை.

மாற்ற வேண்டியவை

சோதனை முறையில் ஒரு மாற்றம் செய்துள்ளோம். ஏ4 அச்சின் இருபுறமும் 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள அட்டைச் சுவர்களை நிறுத்தி, நடைவழிக்கு உரிய தூரத்தில் கைபேசிக் கேமராவைப் பக்கவாட்டாக நகர்த்திப் படம்பிடிக்கிறோம். பத்து நிமிட வேலை. மூன்று பக்கமும் மூடிய அரங்குகளில் முழுப் பின்சுவரும் ஒருசேரத் தெரிவது திறப்பின் 3 மீட்டரைக் கடக்கும் மூன்று நொடி மட்டுமே என்பதும், அதற்கு முன்பே தெரியும் பரப்பு எதிர்ப்பக்கச் சுவரின் முன்பலகை என்பதும் அந்தப் படத்தில் உடனே தெரிகிறது. விளிம்புக்கு 3 மீட்டர் முன்னால் இருப்பவருக்குப் பின்சுவர் துளியும் தெரியாது, ஆனால் எதிர்ப்பக்கச் சுவரின் முன்பாதி தெரியும். அடுத்த முறை தலைப்பை அங்கேயும் மூன்று வரியாக வைக்கத் திட்டம். இரண்டு பலகைக்கு மேல் அச்சுச் செலவு கூடாது.

பின்சுவர்த் தலைப்பில், தவறான பொருளைத் தடுக்கும் சொல் ஓரத்தில் இருக்கக் கூடாது. இடமிருந்து வருபவருக்கு வலது ஓரமும், வலமிருந்து வருபவருக்கு இடது ஓரமும் முதலில் தெரியும். இருவருக்கும் இரண்டாவதாகத் தெரிவது நடுப்பலகை. ஆகவே “காற்று” நடுவில் வர வேண்டும். விற்பனைப் பொறுப்பாளர் தாளில் பல முறை எழுதி அடித்து, கடைசியில் “குழாயில் காற்றா, தண்ணீரா?” என்று எழுதிக் காட்டினார். இதுவும் மூன்று சொல், மூன்று பலகை, 13 சென்டிமீட்டர். இடமிருந்து வருபவர் அரைகுறையாகப் படித்தால் “காற்றா, தண்ணீரா?” என்று படிப்பார், வலமிருந்து வருபவர் “குழாயில் காற்றா” என்று படிப்பார். அட்டைச் சுவர்களுக்கு நடுவில் வைத்துக் கேமராவில் பார்த்தபோது, எந்தப் பக்கமிருந்து நகர்த்தினாலும் வீட்டுக் குழாய் நினைவுக்கு வரவில்லை. நடுச்சொல்லின் பின்னே உள்ள காற்புள்ளி மட்டும் தூணை ஒட்டி விழுகிறது. அதை இரண்டு சென்டிமீட்டர் உள்ளே இழுக்க வேண்டும்.